வேலையை விட்டு வரும்போது கையில் இருக்கவேண்டிய கடிதங்கள்

எமது கிராமங்களிலிருந்து தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் சென்ற பிள்ளைகளின் தொகை 2009 இற்குப் பின்னர் வெகுவாகக் கூடியிருக்கிறது. வயல் கையில் இல்லாத ஆண்டுகளிலும், வயல் கிடைத்தும் முதல் இல்லாத ஆண்டுகளிலும், கட்டுநாயக்கவிலும் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் உள்ள ஆடைத் தொழிற்சாலைகளின் சம்பளம்தான் பல வீடுகளில் அடுப்பை எரித்தது. இப்பிள்ளைகள் வேலைக்குச் சேரும்போது என்னென்ன பத்திரங்கள் வேண்டும் என்று எல்லோரும் கேட்டு அறிந்து வைத்திருக்கிறார்கள். வேலையை விடும்போது எதை வாங்கிக்கொண்டு வரவேண்டும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அடுத்த இடத்தில் வேலை கேட்டு நிற்கும்போதுதான் அந்தக் குறை தெரியவருகிறது.

இரண்டு கடிதங்களைப் பற்றி இங்கே பேசுகிறோம். ஒன்று விடுவிப்புக் கடிதம். நீங்கள் கொடுத்த விலகல் கடிதத்தை ஏற்றுக்கொண்டோம், இன்ன திகதியிலிருந்து நீங்கள் எமது ஊழியர் அல்லர், உங்களிடமிருந்து எமக்கு வரவேண்டியது எதுவும் இல்லை என்று நிறுவனம் எழுதித் தருவது அது. மற்றையது சேவைச் சான்றிதழ். சிலர் இதனை அனுபவச் சான்றிதழ் என்றும், சேவைக் கடிதம் என்றும் சொல்வார்கள். இன்னார் இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை இன்ன வேலையைச் செய்தார் என்பதே அதன் உள்ளடக்கம். முன்னையது நீங்கள் முறையாக விலகினீர்கள் என்பதைக் காட்டும். பின்னையது நீங்கள் என்ன வேலை தெரிந்தவர் என்பதைக் காட்டும். பல நிறுவனங்கள் இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிடுகின்றன. அதில் தவறில்லை. ஆனால் தாளில் இரண்டு திகதிகளும், அதாவது சேர்ந்த திகதியும் விலகிய திகதியும், தெளிவாக இருக்கவேண்டும். நல்ல பிள்ளை, நேர்மையான பிள்ளை என்று நான்கு வரி எழுதித் திகதியை விட்டுவிடும் கடிதத்தால் அதிக பயன் இல்லை.

ஒரு நல்ல சேவைச் சான்றிதழில் எது இருக்கவேண்டும் என்பதற்கு உலக அளவில் ஓர் அளவுகோல் உண்டு. சர்வதேச தொழில் அமைப்பு 1982இல் வெளியிட்ட 166ஆம் இலக்கப் பரிந்துரை, வேலை நீங்கும் தொழிலாளி கேட்டால், சேர்ந்த திகதி, நீங்கிய திகதி, செய்த வேலையின் வகை ஆகியவற்றை மட்டும் குறிப்பிடும் சான்றிதழ் ஒன்றை அவருக்குக் கொடுக்கவேண்டும் என்கிறது. நடத்தையையும் திறமையையும் பற்றிய குறிப்பு, தொழிலாளி தாமே விரும்பிக் கேட்டால்தான் எழுதப்படவேண்டும். பரிந்துரை என்பது சட்டம் அல்ல. அதைக் காட்டி எவரையும் நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. ஆயினும் மனேஜருடன் பேசும்போது, நாம் கேட்பது சலுகை அல்ல, உலகம் ஏற்றுக்கொண்ட ஒரு சாதாரண நடைமுறை என்று சொல்ல அது உதவும்.

நிறுவனங்கள் ஏன் இந்தத் தாளைத் தர மறுக்கின்றன? தையல் பழகிய கை ஒன்று போட்டி நிறுவனத்துக்குப் போய்விடக்கூடாது என்பது ஒரு காரணம். அறிவித்தல் கொடுக்காமல் போனவர் என்ற கோபம் இன்னொன்று. மூன்றாவது காரணத்தை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: சரியான திகதியுடன் ஒரு கடிதம் கொடுத்தால், அந்தக் காலம் முழுவதற்கும் ஊழியர் சேமலாப நிதி கட்டியிருக்கவேண்டும் என்பது எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிவிடும். எமது மக்களில் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்களுக்கு இது புதிதல்ல. தோட்டங்களில் துண்டு என்று ஒன்று இருந்ததை அவர்களுடைய பாட்டன்மார் சொல்லியிருப்பார்கள். கடனைத் தீர்த்தால்தான் துண்டு. துண்டு இல்லாவிட்டால் அடுத்த தோட்டம் சேர்த்துக்கொள்ளாது. அந்த முறையை 1921இல் சட்டம் நீக்கியது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைக் கட்டிவைக்கும் புத்தி மட்டும் சில இடங்களில் நீங்கவில்லை.

அண்மையில் நாம் கூடவே நின்று பார்த்த ஒரு விடயத்தை இங்கே விரிவாகச் சொல்கிறோம். பெயர்கள் வேண்டாம். முல்லைத்தீவுப் பக்கத்து யுவதி ஒருவர் 2022 பெப்ரவரி தொடக்கத்தில் தென்பகுதியில் உள்ள ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரம் இயக்குபவராகச் சேர்ந்தார். 2025 ஆகஸ்ட் இறுதியில் தாய்க்குச் சுகமில்லை என்று வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. லைன் சுப்பர்வைசருக்குத் தொலைபேசியில் சொன்னதோடு சரி; எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. சில மாதங்கள் கழித்துக் கிளிநொச்சியில் ஒரு தொழிற்சாலையில் வேலை கேட்டபோது, அனுபவம் உள்ளவருக்கு ஒரு சம்பளம், பழகுநருக்கு வேறொரு சம்பளம், ஆகவே சேவைக் கடிதம் கொண்டு வா என்றார்கள். பழைய நிறுவனமோ, நீ வேலையைக் கைவிட்டுப் போனவள், உனக்குக் கடிதம் இல்லை என்று தொலைபேசியை வைத்துவிட்டது.

முதலில் செய்தது, வீட்டில் உள்ள தாள்களைத் தேடியது. நியமனக் கடிதம் இல்லை. ஆனால் ஆறு சம்பளச் சீட்டுகள், தொழிற்சாலை அடையாள அட்டை, சேமலாப நிதி இலக்கம் எழுதிய ஒரு துண்டுக் கடதாசி ஆகியன கிடைத்தன. இந்த இலக்கத்தை எமது மக்கள் சாதாரணமாக எண்ணுகிறார்கள். அதில் இரண்டு பகுதிகள் உண்டு: ஒன்று நிறுவனத்தின் இலக்கம், மற்றையது அந்த நிறுவனத்தில் உங்களுடைய அங்கத்தவர் இலக்கம். வேறு நிறுவனத்துக்குப் போனால் வேறு இலக்கம் கிடைக்கும். உங்கள் தேசிய அடையாள அட்டை இலக்கம்தான் இவை அனைத்தையும் ஒருவருக்குரியதாகச் சேர்க்கும் கயிறு. ஆகவே சம்பளச் சீட்டில் அடையாள அட்டை இலக்கம் ஒரு எழுத்துப் பிசகினாலும், பெயர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வேறு விதமாக எழுதப்பட்டிருந்தாலும் அதை வேலையில் இருக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள். விலகிய பின் திருத்துவது பலமடங்கு சிரமம்.

அடுத்ததாக அவருடைய சேமலாப நிதிக் கணக்குக் கூற்றைப் பெற்றோம். பணத்தைப் பொறுப்பில் வைத்திருப்பது மத்திய வங்கி. நிறுவனம் ஒழுங்காகக் கட்டுகிறதா என்று பார்க்கும் அதிகாரம் தொழில் திணைக்களத்துக்கு. கூற்றில் மாதவாரியாக எவ்வளவு வந்தது என்று தெரியும். ஊழியரின் சம்பளத்தில் 8 வீதம், நிறுவனத்தின் பங்கு 12 வீதம், ஆக 20 வீதம். இந்தக் கூற்றைத்தான், எந்த முதலாளியாலும் தடுத்து வைக்க முடியாத சேவைச் சான்றிதழ் என்று நாம் சொல்லிக்கொள்வதுண்டு. இன்ன நிறுவனம் இன்னாருக்கு இன்ன மாதம் தொடங்கி இன்ன மாதம் வரை சம்பளம் கொடுத்தது என்பதற்கு, நிறுவனமே மாதாமாதம் கொடுத்த சாட்சியம் அது. என்ன வேலை செய்தார் என்பதை அது சொல்லாது. அதைச் சம்பளச் சீட்டில் உள்ள பதவிப் பெயர் சொல்லும். இரண்டையும் சேர்த்து வைத்தால் சேவைக் கடிதத்துக்குப் பெரும்பாலும் ஈடாகும். கிளிநொச்சித் தொழிற்சாலையும் கடைசியில் இவற்றைப் பார்த்துவிட்டு, தையல் சோதனை ஒன்று வைத்து, அனுபவம் உள்ளவராகவே அவரை எடுத்துக்கொண்டது.

ஆனால் கூற்று இன்னொரு விடயத்தையும் காட்டியது. அவர் வேலை செய்தது 2022 பெப்ரவரி முதல் 2025 ஆகஸ்ட் வரை 43 மாதங்கள். கூற்றில் இருந்தது 40 மாதங்கள். முதல் மூன்று மாதங்களைக் காணவில்லை. பயிற்சிக் காலம், அதற்குச் சேமலாப நிதி கிடையாது என்று அப்போதே சொன்னார்களாம். இது சட்டத்துக்கு மாறானது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி பயிலுநர், தற்காலிகத் தொழிலாளி, தகுதிகாண் காலத்தில் இருப்பவர் எல்லோரும் வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்தே அங்கத்தவர்கள். அந்த மூன்று மாதங்களில் அவருக்குக் கிடைத்தது மாதம் 20,000 ரூபா. ஆகவே மாதம் 4,000 ரூபாவாக 12,000 ரூபா நிதிக்கு வரவேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிறுவனம் கட்டவேண்டிய 3 வீதம் இன்னொரு 1,800 ரூபா. பெரிய தொகை அல்ல. ஆனால் கடிதத்தை ஏன் மறுத்தார்கள் என்பது எமக்கு இதன் பிறகுதான் விளங்கியது.

மூன்றாவதாக, எழுத்தில் கேட்டோம். தொலைபேசியில் கேட்டதற்கும் வாசலில் நின்று கேட்டதற்கும் சாட்சி இல்லை. கடிதம் இவ்வளவுதான்:

"நான் 2022 பெப்ரவரி 7 முதல் 2025 ஆகஸ்ட் 29 வரை உங்கள் தொழிற்சாலையில் தையல் இயந்திர இயக்குநராக வேலை செய்தேன். எனது சேமலாப நிதி இலக்கம் இது. தேசிய அடையாள அட்டை இலக்கம் இது. தாயின் சுகவீனம் காரணமாக 2025 ஆகஸ்ட் 29 உடன் சேவையிலிருந்து விலகினேன் என்பதை இதன்மூலம் எழுத்தில் அறிவிக்கிறேன். சேர்ந்த திகதி, விலகிய திகதி, பதவி ஆகியவற்றைக் குறிப்பிட்டு எனது சேவைச் சான்றிதழை இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். 2022 பெப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களுக்கான சேமலாப நிதிப் பங்களிப்பு எனது கணக்கில் இல்லை என்பதையும் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்."

கடிதத்தில் கோபம் இல்லை, குற்றச்சாட்டு இல்லை, குடும்பக் கஷ்டக் கதையும் இல்லை. பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோர் தந்த பற்றுச்சீட்டைப் பிரதியோடு சேர்த்து வைத்தோம். 14 நாட்கள் என்பது சட்டம் சொன்ன காலம் அல்ல, நாமே வைத்த தவணை. தவணை வைக்காத கடிதம் மேசையிலேயே கிடக்கும்.

பதில் வரவில்லை. ஆகவே நான்காவதாகத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு. தமிழிலேயே எழுதிக் கொடுத்தோம். அங்கிருந்து தொழிற்சாலை இருக்கும் பகுதிக்குரிய அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். இங்கே ஒரு விடயத்தை வாசகர்கள் கவனிக்கவேண்டும். கடிதம் தரவில்லை என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் முறைப்பாடு கோப்பிலேயே நின்றுவிடக் கூடும். கட்டப்படாத சேமலாப நிதி, கொடுபடாத சம்பளம், கொடுபடாத பணிக்கொடை என்று பணக் கணக்கு ஒன்று இருந்தால் தொழில் உத்தியோகத்தர் நிறுவனத்தின் சம்பளப் பதிவேடுகளைத் திறந்து பார்ப்பார். பதிவேடு திறந்தால் சேர்ந்த திகதி தானாக வெளியே வரும். ஆகவே நிலுவை ஏதாவது இருக்குமானால் அதை முதலாவதாகவும் கடிதத்தை இரண்டாவதாகவும் எழுதுங்கள். இந்த யுவதியின் விடயத்தில் விசாரணைத் திகதி குறித்துக் கடிதம் போன கையோடு, நிறுவனம் ஒரு சேவைச் சான்றிதழை அனுப்பியது. அதில் சேர்ந்த திகதி 2022 மே என்று இருந்தது. அதை ஏற்றுக்கொள்ளாமல், பெப்ரவரி மாதச் சம்பளச் சீட்டின் பிரதியை இணைத்துத் திருப்பி அனுப்பச் சொன்னோம். பிள்ளைக்கு அதில் விருப்பம் இருக்கவில்லை. கிடைத்தது போதும் ஃபாதர் என்றார். பிழையான திகதியுள்ள கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டால் நாளைக்கு அதுவே உனக்கு எதிரான சாட்சி என்று விளக்கிய பிறகே சம்மதித்தார். திருத்திய கடிதமும் நிலுவைப் பணமும் வந்து சேர மேலும் சில மாதங்கள் பிடித்தன.

திகதி எவ்வளவு முக்கியம் என்பது ஐந்து ஆண்டுகளை அண்டியவர்களுக்கு இன்னும் தெளிவாகும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறிய இடங்கள் நீங்கலாக, ஐந்து ஆண்டுகள் பூர்த்தியானவருக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை உண்டு. தாமாக விலகினாலும் உண்டு. முதல் மூன்று மாதங்களைப் பயிற்சி என்று கழித்துவிட்டால் ஐந்து ஆண்டுகள் நான்கு ஆண்டு ஒன்பது மாதமாகிவிடும். அறிவித்தல் கொடுக்காமல் விலகியதற்காக நிறுவனத்துக்கு ஏதாவது கோரிக்கை இருந்தால் அது வேறு கணக்கு. உழைத்த காலம் அதனால் உழைக்காத காலம் ஆகிவிடாது.

இன்னொரு பொறியையும் சொல்லவேண்டும். உண்மையில் நிறுவனமே வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, விலகல் கடிதத்தில் கையெழுத்து வை, நல்ல சேவைக் கடிதம் தருகிறோம் என்பார்கள். சிங்களத்தில் தட்டச்சிட்ட தாள், வாசிக்கத் தெரியாத பிள்ளை, உடனே கையெழுத்து. நிறுத்தப்பட்டவர் ஆறு மாதங்களுக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். ஆனால் அந்த வழி நிறுவனம் நிறுத்தியவருக்கே உரியது. தாமாக விலகினேன் என்று எழுதிக் கொடுத்தவர் பிறகு அங்கே போய், இல்லை, என்னை வற்புறுத்தினார்கள் என்று நிரூபிக்கவேண்டியிருக்கும். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில், ஒழுக்காற்று நடவடிக்கையாக ஒருவரை நிறுத்தினால் அதன் காரணத்தை இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் எழுத்தில் அறிவிக்கவேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அந்தக் கடிதம் கசப்பானதாக இருந்தாலும் கேட்டு வாங்குங்கள். ஒரு சேவைக் கடிதத்துக்காகப் பொய்யான விலகல் கடிதத்தில் கையெழுத்திடுவது நட்டமான பண்டமாற்று என்பதே எமது உறுதியான அபிப்பிராயம்.

மேன்பவர் என்று சொல்லப்படும் ஆள்வழங்கு முகவர் மூலம் போகிறவர்களின் பாடு வேறு. வேலை ஒரு தொழிற்சாலையில். சம்பளம் கொடுப்பது வேறொருவர். தொழிற்சாலையிடம் கடிதம் கேட்டால், நீ எமது ஆள் இல்லை என்பார்கள். முகவரின் தொலைபேசி வேலை செய்யாது. இவர்கள் சேரும் முதல் மாதத்திலேயே தமது சேமலாப நிதி இலக்கம் யாருடைய பெயரில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். அந்தப் பெயர்தான் சட்டத்தின் கண்ணில் முதலாளி. கடிதமும் அவரிடமிருந்தே வரவேண்டும். இலக்கமே இல்லை என்றால் அன்றைக்கே தொழில் அலுவலகத்துக்குப் போகலாம். வேலை முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மத்திய கிழக்குக்குப் போன எமது மேசன்மாருக்கும் சாரதிமாருக்கும் இந்தக் கடிதம் தொடர்பில் சட்டமே துணை நிற்கிறது. கட்டாரின் 2004ஆம் ஆண்டுத் தொழிற் சட்டத்தின் 53ஆம் உறுப்புரை, தொழிலாளி கேட்டால் சேர்ந்த திகதி, நீங்கிய திகதி, வேலை, சம்பளம் ஆகியன குறித்த சான்றிதழை இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்கிறது; ஒப்படைத்த பத்திரங்களையும் திருப்பிக் கொடுக்கவேண்டும். சவூதி அரேபியாவிலும் ஐக்கிய அரபு இராச்சியத்திலும் இதையொத்த விதிகள் உள்ளன. வீட்டுப் பணிக்குப் போகும் பெண்களை இந்தச் சட்டங்கள் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வதில்லை. அவர்களுக்கு வேறு விதிகள். எவருக்கானாலும், விமானம் ஏறுவதற்கு முன் கேட்பதே வழி. ஊருக்கு வந்து இறங்கியபின் கேட்டால் மறுமொழி வருவது அரிது.

நிறுவனமே மூடப்பட்டிருந்தால், அல்லது இடப்பெயர்வில் எல்லாத் தாள்களும் போய்விட்டிருந்தால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். சேமலாப நிதிக் கணக்கு நிறுவனம் மூடப்பட்டாலும் அழியாது. அடையாள அட்டை இலக்கத்தைக் கொண்டு தேடலாம். அதுவும் இல்லாத இடத்தில், அதே காலத்தில் உடன் வேலை செய்தவர்கள் இருவர் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்துத் தரலாம். நிறுவனத்தின் கடிதத்துக்குள்ள மதிப்பு அதற்கு இல்லை. எதுவும் இல்லாததைவிட மேலானது. கொன்ட்ராக்டரோடு கட்டட வேலை செய்து ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாதவர்களுக்கு நைட்டா என்ற பயிலுநர், கைத்தொழில் பயிற்சி அதிகார சபையின் வழி ஒன்று உண்டு. அங்கே செய்துகாட்டும் வேலையை மதிப்பிட்டுத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். கட்டிய சுவரின் படம், செய்த கதவின் படம், வேலை செய்வித்த வீட்டுக்காரர் எழுதித் தந்த சிறு குறிப்பு என்பனவற்றை இப்போதிருந்தே சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு அந்த மதிப்பீடு இலகுவாக இருக்கும்.